பஹானகா பஜார் விபத்துச் செய்தியை மூன்று வாக்கியத்தில் சுருக்குவது: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒடிசா ரயில் விபத்து நடந்து இரண்டு நாள் ஆகிறது. செய்தி மேசையில் ஒரு நீண்ட தொகுப்பு கிடக்கிறது. கைபேசித் திரையில் ஒரு அட்டைக்குள் அடங்கும்படி அதை மூன்று வாக்கியமாக்க வேண்டும். எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதுதான் இந்த ஆய்வு. இதற்காக ஒரு குறிப்பிட்ட நாளிதழின் செய்தியை எடுக்கவில்லை. அன்று மாலைவரை அதிகாரபூர்வமாக வெளியாகியிருந்த விவரங்களைச் சேர்த்து ஒரே செய்தியாகப் பாவித்துக்கொள்கிறேன். உதவி ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்கு அந்தத் தொகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அதில் இருப்பவை இவை. ஜூன் 2 வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணியளவில், ஹவுராவுக்குப் பக்கத்திலுள்ள ஷாலிமாரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பாலசோர் மாவட்டத்தின் பஹானகா பஜார் நிலையத்தில் முதன்மைத் தடத்தை விட்டு லூப் லைன் எனப்படும் பக்கத் தடத்துக்குள் நுழைந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கோரமண்டல் அதன் பின்புறத்தில் மோதியது. சரக்கு ரயில் கனத்த பாரத்தோடு இருந்ததால் அது நகரவில்லை, மோதலின் வேகம் முழுவதையும் பயணிகள் ரயிலே வாங்கிக்கொண்டது. சிதறிய பெட்டிகள், பக்கத்துத் தடத்தில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா ரயிலின் கடைசி இரண்டு பெட்டிகளைத் தாக்கின. கோரமண்டல் மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது, அந்தப் பாதையில் 130 வரை போகலாம். ஓட்டுநருக்குப் பச்சை சிக்னல்தான் கிடைத்தது என்று ரயில்வே வாரியம் சொல்கிறது. சிக்னலையும் தடத்தையும் ஒன்றோடொன்று பிணைக்கும் எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங்கில் செய்யப்பட்ட மாற்றமே காரணம் என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொல்கிறார். சிபிஐ விசாரணைக்குப் பரிந்துரை செய்திருப்பதாகவும் அறிவிக்கிறார். ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை இன்னொரு பக்கம் நடக்கிறது. இறந்தவர்கள் 288 என்று முதல்நாள் சொல்லப்பட்டது. சில உடல்கள் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன என்று கூறி ஒடிசா தலைமைச் செயலாளர் அதை 275 ஆகக் குறைத்திருக்கிறார். காயமடைந்தவர்கள் 1,175.

இதோடு நிற்கவில்லை. உடல்களை வைக்க இடமில்லாமல் பஹானகா உயர்நிலைப் பள்ளியைத் தற்காலிகப் பிணவறையாக்கியது, ரத்தம் கொடுக்க ஊர்மக்கள் வரிசையில் நின்றது, பிரதமர் வந்து பார்த்தது, இழப்பீடு, தமிழக அமைச்சர்கள் ஒடிசா சென்றது, சிறப்பு ரயிலில் பயணிகள் சென்னை வந்து சேர்ந்தது, 'கவச்' மோதல் தடுப்பு அமைப்பு அந்தப் பாதையில் இல்லாதது, அதையொட்டிய அரசியல் சண்டை எல்லாம் வரிசையாக வருகின்றன.

அவசரத்தில் வேலை பார்க்கும் ஒருவர் இதை இப்படிச் சுருக்குவார்:

"ஒடிசாவில் மூன்று ரயில்கள் மோதிக்கொண்ட கோர விபத்தில் 275 பேர் உயிரிழந்தனர், 1,175 பேர் காயமடைந்தனர். சென்னை வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தவறான தடத்தில் சென்றதால் விபத்து நேர்ந்ததாகக் கூறப்படுகிறது; அந்தப் பாதையில் 'கவச்' பாதுகாப்பு அமைப்பு இல்லை. விபத்து நடந்த இடத்தைப் பிரதமர் பார்வையிட்டார்; இறந்தோர் குடும்பங்களுக்கு ரயில்வே தலா ரூ.10 லட்சம் அறிவித்துள்ளது."

இதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. மூன்று ரயில்களும் உண்மை, 275 அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு, கவச் இல்லை என்பதும் உண்மை. ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு ஒருவர் பேருந்தில் பக்கத்து சீட்காரரிடம் விபத்தைப் பற்றிச் சொன்னால் என்ன சொல்வார்? மூன்று ரயிலும் ஓடிக்கொண்டிருக்கும்போது முட்டிக்கொண்டன என்பார். டிரைவர் தப்பான ரூட்டில் போய்விட்டார் என்பார். அந்தக் கருவியை வைத்திருந்தால் இது நடந்திருக்காது என்பார். மூன்றுமே அன்று கையில் இருந்த செய்திக்கு மாறானவை. சுருக்கத்தைப் பரிசோதிக்க எனக்குத் தெரிந்த உருப்படியான வழி இதுதான். எழுதியதில் தப்பு இருக்கிறதா என்று தேடுவதோடு நிறுத்தாமல், படித்தவர் எதை நம்பிக்கொண்டு போவார் என்று கேட்க வேண்டும். ஒரு விவரத்தை எடுத்துவிட்டால் அவர் தவறாக ஒன்றை நம்புவார் என்றால் அந்த விவரம் இருந்தாக வேண்டும். எடுத்தபின் அவருக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான் என்றால் அது போகலாம்.

முதலில் 'மூன்று ரயில்கள் மோதிக்கொண்ட' என்பதைப் பார்ப்போம். விபத்து நடந்த இரவில் எந்த ரயில் முதலில் தடம் புரண்டது என்பதிலேயே முரணான தகவல்கள் வந்தன. அந்தக் குழப்பத்தில் 'மூன்று ரயில்கள்' என்பது வசதியான சொல்லாக இருந்தது. ஞாயிறன்று அந்த வசதி தேவையில்லை. ஒன்று நின்றுகொண்டிருந்தது, ஒன்று அதில் மோதியது, மூன்றாவது கிட்டத்தட்ட கடந்து முடித்த நேரத்தில் வாலில் அடிபட்டது. 'நின்றிருந்த' என்ற ஒரே சொல் இந்தப் படத்தைச் சரி செய்துவிடுகிறது. 'கடைசி இரண்டு பெட்டிகள்' என்பது அந்த ரயில் முழுவதும் நொறுங்கவில்லை என்பதைக் காட்டிவிடுகிறது. ஊரில் உறவினர் அந்த ரயிலில் வருவதாகக் காத்திருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆக இந்த இரண்டும் தங்கும். இரும்புத்தாது ஏன் போகலாம் என்றால், சேதம் ஏன் இவ்வளவு பெரிது என்பதை அது விளக்குகிறது, அருமையான விவரம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் யாரும் எதையும் தவறாக நம்பப் போவதில்லை. மனசு கேட்காது, ஆனாலும் வெட்ட வேண்டியதுதான்.

அடுத்தது 'தவறான தடத்தில் சென்றதால்'. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. எந்தத் தடத்தில் போவது என்பதை, தடங்கள் பிரியும் இடத்தில் இருக்கும் பாயின்ட் தீர்மானிக்கிறது. பாயின்ட் எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறதோ அதற்குப் பொருந்தும் சிக்னல் மட்டுமே விழ வேண்டும் என்று பார்த்துக்கொள்வது இன்டர்லாக்கிங்கின் வேலை. பஹானகாவில் சிக்னல் 'நேராகப் போ' என்றது, பாயின்ட் பக்கத்துத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. ஓட்டுநர் சிக்னலை நம்பித்தான் போனார். 'கோரமண்டல் தவறான தடத்தில் சென்றது' என்று ரயிலை எழுவாயாக வைத்து எழுதினால், படிப்பவர் மனத்தில் எழுவாய் ஓட்டுநராகிவிடுகிறார். நம் மொழியில் வண்டி போனது என்றாலே ஓட்டியவர் போனார் என்றுதான் அர்த்தம். இதைத் தடுக்க இரண்டு விவரம் வேண்டும்: பச்சை சிக்னல், வரம்பை மீறாத வேகம். இந்த இரண்டும் வெறும் தொழில்நுட்பத் தகவல்போலத் தோன்றுவதால் முதல் வெட்டிலேயே பறந்துவிடும். இந்தச் செய்தியில் ஒரு மனிதர் மேல் பழி விழாமல் காப்பவை அவைதான். அதே நேரம் 128, 130 என்ற எண்கள் தேவையில்லை. 'வரம்புக்குள்' என்றாலே போதும். இன்னும் சொல்லப்போனால், 128 என்று மட்டும் போட்டால் வேகமாக வந்ததுதான் காரணம் என்று நினைப்பார்கள். வரம்பு எவ்வளவு என்ற எண்ணும் கூடவே இல்லாதவரை அந்த எண் ஆபத்தானது.

'சென்றதால்' என்ற இறுதியையும் கவனியுங்கள். மூலச் செய்தியில் இது நடந்தது, பிறகு அது நடந்தது என்று தனித்தனி வாக்கியங்களாக இருக்கும். சுருக்கும்போது இரண்டையும் ஒட்ட வேண்டிவரும். கை தானாக 'ஆல்' போட்டுவிடும். அத்தோடு முன்பின் என்று இருந்தது காரண காரியமாகிவிடும். விசாரணை முடியாத செய்தியில் ஒவ்வொரு 'ஆல்' உருபையும் நிறுத்தி, இதை யார் சொன்னது என்று கேட்க வேண்டும். யாரும் சொல்லவில்லை என்றால் 'சென்று மோதியது' என்று வினையெச்சத்திலேயே விட்டுவிடலாம்.

'கூறப்படுகிறது' என்பதும் அதே ரகம். யார் கூறியது? அமைச்சர், பெயரோடு, கேமரா முன்னால் கூறியிருக்கிறார். அவருடைய துறையின் அமைப்பைப் பற்றி அவரே சொல்லும் காரணம் அது. விசாரணை அதிகாரி சொல்வதற்கும் துறை அமைச்சர் சொல்வதற்கும் எடை வேறு. எந்த எடை கொடுப்பது என்பது வாசகரின் உரிமை, நாம் பெயரை விட்டுவிட்டால் அந்த உரிமையைப் பறித்துவிடுகிறோம். இடமில்லை என்ற சாக்கும் இங்கே எடுபடாது. 'எனக் கூறப்படுகிறது' பிடிக்கிற இடமும் 'என்கிறார் ரயில்வே அமைச்சர்' பிடிக்கிற இடமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கவச் விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. அந்தப் பாதையில் கவச் இல்லை என்பது யாரும் மறுக்காத உண்மை. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி முந்தைய நாளே சம்பவ இடத்தில் அதைப் பற்றிப் பேசியிருந்தார். ஆனால் இருந்திருந்தாலும் இந்த விபத்தை அது தடுத்திருக்காது என்பது ரயில்வே வாரியத்தின் பதில். ஒரு விபத்தைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் 'பாதுகாப்பு அமைப்பு இல்லை' என்றால், அதுதான் காரணம் என்று எழுதாமல் எழுதியதாகிவிடும். நீண்ட செய்தியில் இரு தரப்பையும் அடுத்தடுத்த பத்தியில் வைக்க இடமிருக்கிறது. மூன்று வாக்கியத்தில் அந்தச் சண்டைக்கு ஒரு முழு வாக்கியம் போய்விடும், பாதியை மட்டும் வைப்பது ஒரு தரப்புக்குச் சாய்வது. எனவே இரண்டு பாதியும் போகட்டும் என்பது என் முடிவு. இதற்கு எதிர்வாதம் உண்டு: பொறுப்பைக் கேட்கும் கேள்வியை வெட்டினால் அரசுக்குச் சாதகமாகிவிடாதா? நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு அட்டை போடுவதுதான் வழி என்று நினைக்கிறேன். அரைகுறையாக இங்கே செருகினால் கேள்வியும் கெடும்.

இனி எண்கள். அன்று மாலை கையில் இரண்டு எண் இருந்தன, 288-ம் 275-ம். புதியதை வைத்துப் பழையதைத் தூக்கிவிடுவதுதான் மேசை வழக்கம். இந்த இடத்தில் அது சரிவராது. முதல்நாள் முழுவதும் 288 என்று கேட்டவர், இன்று 275 என்று பார்த்தால் இரண்டில் ஒரு பத்திரிகை புளுகுகிறது என்று நினைப்பார், அல்லது சாவை மறைக்கிறார்கள் என்பார். எண்ணிக்கை குறைந்தது என்பதும், யார் குறைத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும். கூடவே பல உடல்களுக்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை என்ற விவரமும். அது வெறும் சோகத் தகவல் இல்லை, எண்ணிக்கை இன்னும் ஆடும் என்பதற்கான எச்சரிக்கை. காயமடைந்தவர் எண்ணிக்கை, இடம் இருந்தால் நிற்கட்டும். நெருக்கினால் முதலில் போவது அதுதான்.

தமிழ் வாசகருக்கு இது சென்னை ரயில். அதனால் 'சென்னைக்கு வந்துகொண்டிருந்த' என்பது கட்டாயம் தங்கும். 'தமிழர்கள் பத்திரம்' என்ற வரியை முதல் வாக்கியத்தில் வைக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும். முன்பதிவு செய்தவர்களின் பட்டியலை வைத்துத்தான் எந்த ஊர்க்காரர், எத்தனை பேர் என்று தேடுகிறார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறியவர்களுக்குப் பட்டியலே கிடையாது. அடையாளம் தெரியாத உடல்கள் இருக்கும்போது 'இறந்தவர்களில் தமிழர் யாரும் இல்லை' என்று அட்டையில் போடுவது, சொன்னவரின் பெயரும் நேரமும் இல்லாமல், பெரிய துணிச்சல். அதைத் தனிச் செய்தியாக, தேடல் எந்த நிலையில் இருக்கிறது என்ற விளக்கத்தோடு போடலாம். உதவி எண்கள் வாக்கியத்துக்குள் வரவே கூடாது, கீழே தனி வரியில் தொலைபேசி எண்ணாகவே இருக்கட்டும்.

பிரதமர் வருகை, இழப்பீடு, அமைச்சர்கள் பயணம் ஆகியவை யோசிக்காமல் போகலாம். பள்ளிக்கூடத்தைப் பிணவறையாக்கியதும், ரத்தம் கொடுக்க நின்ற வரிசையும் அப்படிப் போகாது, கை நடுங்கும். பேரழிவின் அளவை எந்த எண்ணையும்விட அந்தப் பள்ளி நன்றாகச் சொல்கிறது. இருந்தாலும் மூன்று வாக்கியச் சுருக்கத்தில் அப்படி ஒரு காட்சி வந்தால், எது நடந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தை அது எடுத்துக்கொள்ளும். முழுச் செய்தியின் முதல் பத்திக்கு அதை ஏற்றிவிடலாம். அட்டையைத் தொட்டு உள்ளே வருபவர் முதலில் பார்க்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு முதலில் வந்த வரைவில் 'பச்சை சிக்னல் இருந்தும் கோரமண்டல் பக்கத் தடத்துக்குத் திரும்பி' என்று முதல் வாக்கியத்திலேயே வைத்திருந்தேன். படிக்க நன்றாக ஓடுகிறது. ஆனால் பச்சை என்பது வாரியத்தின் கூற்று. அன்று அதை உறுதி செய்ய வேண்டியவர் ஆணையர், அவர் விசாரணையே முடியவில்லை. யார் சொன்னது என்று சேர்க்க வேண்டுமானால் முதல் வாக்கியம் தாங்காது. அதனால் அதைக் காரணத்தைப் பேசும் மூன்றாவது வாக்கியத்துக்கு நகர்த்தினேன். இறுதியாக வந்தது இது:

"சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஜூன் 2 இரவு ஒடிசாவின் பஹானகா பஜார் நிலையத்தில் பக்கத் தடத்துக்குள் நுழைந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது; சிதறிய பெட்டிகள், எதிரே போன பெங்களூரு–ஹவுரா ரயிலின் கடைசி இரண்டு பெட்டிகளைத் தாக்கின. சில உடல்கள் இருமுறை எண்ணப்பட்டதாகக் கூறி, இறந்தோர் எண்ணிக்கையை 288-லிருந்து 275 ஆக ஒடிசா தலைமைச் செயலாளர் ஞாயிறன்று குறைத்தார்; பல உடல்கள் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. ஓட்டுநருக்குப் பச்சை சிக்னல் கிடைத்தது, வேகம் வரம்புக்குள்தான் இருந்தது என்கிறது ரயில்வே வாரியம்; இன்டர்லாக்கிங்கில் செய்த மாற்றமே காரணம் என்கிறார் ரயில்வே அமைச்சர், ஆனால் விசாரணை முடியவில்லை."

அரைப்புள்ளி போட்டு ஆறு வாக்கியத்தை மூன்றாக்கிவிட்டாய் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். வினையெச்சங்களை அடுக்கி ஒரே வாக்கியத்தை எத்தனை முழம் வேண்டுமானாலும் நீட்டத் தமிழ் அனுமதிக்கும், அதனால் மூன்று என்ற வரம்பு நம்மிடம் சீக்கிரம் செல்லாமல் போய்விடும். உரக்கப் படித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் இரண்டு மூச்சில் முடிகிறது. மூன்றாவது மூச்சு தேவைப்பட்டால் உள்ளே ஏதோ அதிகம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில்தான் 1,175-ம் சிபிஐ பரிந்துரையும் போயின. சிபிஐ போனது எனக்கே முழு திருப்தி இல்லை, அன்று மாலையின் புதுச் செய்தி அதுதான். ஆனால் அமைச்சர் காரணம் சொன்ன அதே நாளில் சிபிஐ என்றும் சேர்த்துப் போட்டால், விளக்கம் இல்லாத இடத்தில் 'சதி' என்று படிப்பார்கள். சமூக வலைத்தளங்களில் அன்றே மதச்சாயம் பூசிய வதந்திகள் ஓடி, ஒடிசா போலீஸ் எச்சரிக்கை விட வேண்டிவந்தது. அதையும் மனதில் வைத்தேன்.

பிறகு நடந்ததை வைத்து இரண்டு வடிவங்களையும் ஒப்பிடலாம். ஜூன் 6 அன்று, மாவட்டக் கணக்கைச் சரிபார்த்தபின் எண்ணிக்கை மறுபடியும் 288 ஆனது. சிகிச்சையில் இருந்தவர்களில் சிலர் இறந்து அது பின்னர் மேலும் கூடியது. '275 பேர் உயிரிழந்தனர்' என்ற வரி இரண்டே நாளில் பிழையாகிவிட்டது. 'தலைமைச் செயலாளர் ஞாயிறன்று 275 ஆகக் குறைத்தார்' என்பது இன்றைக்கும் உண்மை.

காரணமும் அப்படித்தான். ஜூலையில் வெளிவந்த ஆணையரின் முடிவு இரண்டு பிழைகளைச் சொன்னது. நிலையத்தின் வடக்குப் பக்க சிக்னல் அறையில் முன்பு எப்போதோ செய்த சுற்றமைப்பு மாற்றத்தில் ஒன்று, 94-ம் எண் ரயில்வே கேட்டின் மின்தடுப்பை மாற்றும் வேலையின்போது நடந்தது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து நேர்த்தடத்துக்குப் பச்சை காட்ட, பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியே இருந்திருக்கிறது. அந்த ஜூன் மாதத்தில் பல சுருக்கங்களில் வந்த 'சிக்னல் கோளாறு' இங்கே உதைக்கிறது. கோளாறு என்றால் கருவி பழுதாகிவிட்டது என்று அர்த்தம். பழுதான கருவி எதுவும் இல்லை, ஆட்கள் செய்த இணைப்பு தவறாக இருந்தது. 'செய்த மாற்றம்' என்று அமைச்சர் சொன்ன சொல்லை அப்படியே வைத்திருந்தவர்களுக்குத் திருத்தம் போட வேண்டிவரவில்லை.

ஜூலை 7 அன்று மூன்று ரயில்வே ஊழியர்களை சிபிஐ கைது செய்தது. அந்தச் செய்தியைச் சுருக்க வந்தவருக்கும் இதே வேலைதான், மாறியது விவரங்களின் வரிசை மட்டும். 'கைது' தங்க வேண்டும், 'குற்றவாளிகள்' வரக்கூடாது, என்ன பிரிவு என்பது தங்க வேண்டும். கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தல், தடயங்களை அழித்தல் ஆகியவை. பிரிவைச் சொல்லாமல் 'விபத்து வழக்கில் கைது' என்று மட்டும் போட்டால், வேண்டுமென்றே கவிழ்த்தார்கள் என்று ஒருவரும், சும்மா பலிகடா என்று இன்னொருவரும் படிப்பார்கள். விபத்து விவரத்துக்கு இப்போது ஒரு பாதி வாக்கியம் போதும். அதிலும் 'நின்றிருந்த சரக்கு ரயில்' மறுபடியும் வந்தாக வேண்டும். ஊழியர்கள் செய்த இணைப்புக்கும் மோதலுக்கும் இடையே உள்ள கண்ணி அதுதான்.